மண்டைக்காட்டுக் கொடைக்குக் கடையை மூடுறது எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் வடசேரியில இருந்து பேசுறேன். பரதநாட்டியத்துக்குப் போடுற கெம்புக்கல் நகை, நெத்திச்சுட்டி, ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை எல்லாம் ஆன்லைன்ல விக்கிறேன். பேக்கிங், கூரியர், பதில் சொல்றது எல்லாம் ஒரே ஆளா நான்தான்.

மண்டைக்காட்டு பகவதி அம்மன் கோயில் கொடைத் திருவிழா வர்ற மாசி பிறந்தா, என்னை மாதிரி தனியா விக்கிறவங்க எங்கிட்ட கேக்குற முதல் கேள்வி இது: "அக்கா, கொடை கடைசி நாள் செவ்வாய்க்கிழமை உள்ளூர் விடுமுறைதானே, அன்னைக்கு ஆர்டரை அனுப்பலன்னாலும் அமேசான்ல லேட்டா?" ஆமா, லேட்டுதான். கலெக்டர் விடுற அந்த விடுமுறை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும். டெல்லியில இருந்து வாங்குறவங்களுக்கும் அமேசானோட கணக்குக்கும் அது சாதாரண செவ்வாய்க்கிழமை.

இதுல சின்னக் கடைக்குத்தான் அடி அதிகம். அமேசான்ல விக்கிறவங்களே அனுப்புற ஆர்டர்கள்ல, லேட்டா அனுப்புறது 4 சதவீதத்துக்குக் கீழேயும், நாமளா கேன்சல் பண்றது 2.5 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்கணும். மாசம் ஆயிரம் ஆர்டர் போறவருக்கு நாலு ஆர்டர் லேட்டானா அது தெரியவே தெரியாது. உங்களுக்கு மாசம் 40 ஆர்டர்னா, ரெண்டு லேட்டானாலே 5 சதவீதம் வந்துடும். கேன்சலை ஏழு நாள் கணக்குல பாக்குறாங்க, அதனால அந்த வாரம் பத்து ஆர்டர்ல ஒண்ணை நீங்க கேன்சல் பண்ணினாலே 10 சதவீதம். வாங்கினவங்களே கேன்சல் கேட்டா அது இந்தக் கணக்குல வராது. அதுக்காக "நீங்களே கேன்சல் போட்டுருங்க"ன்னு அவங்களை நெருக்கக் கூடாது, அதுவும் விதிமீறல்தான்.

அதுக்குத்தான் வெக்கேஷன் மோடு. Seller Central-ல Settings, அதுக்குள்ள Account Info, அங்க Listing Status-ஐ Inactive ஆக்கணும். நாம அனுப்புற பொருள் எல்லாம் விற்பனையில இருந்து மறைஞ்சிடும். அமேசான் கிடங்குல வச்சிருக்குற சரக்கு மட்டும் வழக்கம்போல வித்துக்கிட்டே இருக்கும்.

ஒண்ணை நல்லா மனசுல வச்சுக்கோங்க. இந்த மோடு புது ஆர்டரை மட்டும்தான் நிறுத்தும். ஏற்கெனவே வந்த ஆர்டரோட கெடு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். வாங்கினவங்க அனுப்புற மெசேஜுக்கு 24 மணி நேரத்துக்குள்ள பதில் போடுறதும் நிக்காது. பஸ் ஏறுற அன்னைக்குக் காலையில மோடைப் போட்டா, முந்தின நாள் ராத்திரி வந்த ஆர்டரை யாரு அனுப்புவா?

அதனால கணக்கைப் பின்னால இருந்து போடுங்க. ஞாயிறு காலை கிளம்பி, செவ்வாய் ஒடுக்கு பூஜை பாத்துட்டு, புதன் காலை வீடு வர்றதா வச்சுக்கலாம். அனுப்ப எனக்குக் குடுத்திருக்குற நேரம் ரெண்டு வேலை நாள், சனிக்கிழமையும் வேலை நாள். அப்போ நான் ஏத்துக்கக்கூடிய கடைசி ஆர்டர் வியாழக்கிழமையோடது. மோடைப் போட்ட நிமிஷமே எல்லாம் மறைஞ்சிடாது, கொஞ்ச நேரம் எடுக்கும். அதனால வியாழன் மதியமே போட்டுடுவேன். அந்த இடைவெளியில நுழையுற ஆர்டரையும் சேத்து வெள்ளி, சனி ரெண்டு நாள்ல பேக் பண்ணி கூரியர்ல குடுத்துடலாம். பார்சலைக் குடுத்தா மட்டும் போதாது, ஸ்கேன் ஆயிருக்கான்னு சனிக்கிழமை ராத்திரி டிராக்கிங்ல பாத்துட்டுத்தான் படுக்கணும்.

Etsy-லயும் விக்கிறீங்கன்னா, அங்க Vacation Mode-ஐப் போடும்போதே அறிவிப்பும் தானாப் போற பதிலும் எழுத இடம் இருக்கு. வாட்ஸ்அப் பிசினஸ்ல Away message-க்குத் தேதி, நேரம் குறிச்சு வைக்கலாம். பலபேர் அதுல "கடை விடுமுறை, மன்னிக்கவும்"னு மட்டும் எழுதிடுறாங்க. அரங்கேற்றத்துக்கு நாள் குறிச்சிட்டு நகை தேடுற அம்மாவுக்கு அதனால என்ன பிரயோஜனம்? அவங்களுக்கு வேண்டியது தேதி. நான் எழுதுறது இப்படி:

"ஞாயிறு முதல் செவ்வாய் வரை கடை இல்லை. வியாழன் மதியம் வரை வந்த ஆர்டர்கள் சனிக்கிழமைக்குள் அனுப்பப்படும். புதன் மாலை கடை திறக்கும், புது ஆர்டர்கள் வியாழன் முதல் கிளம்பும். அரங்கேற்றம் அதற்கு அடுத்த வாரம் என்றால், தயவுசெய்து இப்போதே தேதியைச் சொல்லுங்கள்."

கிழமைக்குப் பக்கத்துல தேதியும் போடுங்க, மாசத்தை எழுத்துல எழுதுங்க. 10/3ன்னு போட்டா நமக்கு மார்ச் 10, அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்கு அக்டோபர் 3.

திரும்பி வந்ததும் மோடை உடனே எடுத்துடாதீங்க. முதல்ல வந்து கிடக்குற மெசேஜ் எல்லாத்தையும் பாருங்க, பெட்டியும் பபுள் ராப்பும் கையில இருக்கான்னு பாருங்க, கூரியர்காரர் வியாழக்கிழமை வருவாரான்னு போன்ல கேட்டுக்கோங்க. அதுக்கப்புறம் புதன் சாயங்காலம் Active ஆக்குங்க. வாட்ஸ்அப் Away message நின்னுடுச்சான்னு வேற ஒரு நம்பர்ல இருந்து மெசேஜ் போட்டுப் பாத்துக்கோங்க.