சைரன் படம் போட்டு வரும் சலான்

வணக்கம் நேயர்களே. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மேலே வரிசையாக மூன்று சிவப்பு சைரன் விளக்குப் படம், கீழே 'உங்கள் வண்டிக்குப் போக்குவரத்து அபராதம் 1,000 ரூபாய், இன்று இரவுக்குள் கட்டினால் பாதித் தொகை' என்று எழுதி, பக்கத்தில் பண மூட்டைப் படம். கூடவே RTO Challan.apk என்று ஒரு ஃபைல். வண்டி எண்ணும் சரியாகவே இருந்தது, அதனால்தான் அவர் நம்பிவிட்டார்.

வண்டி எண் சரியாக இருந்தால் செய்தி உண்மை என்று ஆகிவிடாது, வண்டி விவரங்கள் பல வழிகளில் வெளியே போயிருக்கின்றன. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் அப்படித்தான், ஏற்கெனவே சிக்கியவரின் போனிலிருந்தே அடுத்தவர்களுக்கு இந்த ஃபைல் போய்விடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஃபைலின் பெயர் எப்படி முடிகிறது என்பதைத்தான். .apk என்றால் அது ரசீதும் இல்லை, போட்டோவும் இல்லை, போனில் புகுந்து உட்காரும் ஒரு செயலி. அபராதத்தைப் பார்க்க யாரும் செயலி அனுப்ப வேண்டிய அவசியமே கிடையாது. அந்த அண்ணன் அதைத் தொட்டதும், தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி என்று போனே எச்சரித்தது. ஆனால் சைரனும் 'இன்று இரவுக்குள்' என்பதும் கண்ணில் நிற்கும்போது அந்த எச்சரிக்கையை யார் படிப்பார்கள்? அந்தப் படங்கள் அங்கே இருப்பதே அதற்காகத்தான். அவர் அனுமதி கொடுத்தார். அப்புறம் எஸ்எம்எஸ் படிக்கவும் அனுமதி கேட்டது, அதையும் கொடுத்தார். அந்த ஒரு அனுமதி போதும், வங்கியிலிருந்து வரும் ஓடிபி நேராக மோசடிக்காரன் கைக்குப் போய்விடும், நீங்கள் யாரிடமும் எண்ணைச் சொல்ல வேண்டியதே இல்லை.

சரி, அபராதம் உண்மையிலேயே இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? செய்தியில் உள்ள எதையும் தொடாமல், பிரவுசரில் echallan.parivahan.gov.in என்று நீங்களே டைப் செய்து, வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். லிங்க் வந்திருந்தால், https:// தாண்டி வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதைப் படியுங்கள், அது .gov.in என்று முடிய வேண்டும். parivahan என்ற சொல் நடுவில் எங்கேயோ இருப்பது கணக்கில் வராது.

ஏற்கெனவே அந்தச் செயலியைப் போட்டுவிட்டீர்களா? முதலில் போனில் ஏரோபிளேன் மோடைப் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணம் கை மாறும் முன் வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. அந்த அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் மாலைதான் சொன்னார், அதற்குள் பணம் நான்கு கணக்கு தாண்டிவிட்டது.