வோல்டேஜ் பேனா கத்தினால் ஒயரில் கரண்ட் இருக்கிறதா?

(காட்சி: காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டுக் கூடம். கூரையில் ஃபேன் கொக்கி, பக்கத்தில் தொங்கும் இரண்டு ஒயர்கள்.)

பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, அதற்குரிய எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டோம். ஆனாலும் சிவப்பு ஒயரின் அருகே வோல்டேஜ் பேனாவைக் கொண்டு போனால் அது கத்துகிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரும் நியூட்ரலை ஒப்பிட்டு 92 வோல்ட் காட்டுகிறது.

(காட்சி: பேனாவின் முனை, மிக அருகில்.)

இந்தப் பேனா ஒயரில் ஓடும் மின்சாரத்தை அளப்பதில்லை, ஏ.சி. மின்னழுத்தத்தால் ஒயரைச் சுற்றி எழும் மின்புலத்தை மட்டுமே உணர்கிறது. இந்த வீட்டில் இன்வெர்ட்டர் லைட் லைனும் ஃபேன் லைனும் ஒரே பைப்பில் ஏறக்குறைய பத்து மீட்டர் சேர்ந்து வருகின்றன. ஒட்டிக் கிடக்கும் இரு ஒயர்களும் சிறு கெபாசிட்டரைப்போல் நடந்துகொள்வதால், இன்வெர்ட்டர் லைனின் மின்னழுத்தம் துண்டிக்கப்பட்ட ஒயரிலும் தூண்டப்படுகிறது. மல்டிமீட்டரின் உள் மின்தடை பொதுவாக 10 மெகா ஓம் என்பதால், அந்த அற்பத் தூண்டலைக்கூட அது வடியவிடாமல் எண்ணாகக் காட்டிவிடுகிறது.

பேனா கத்தாமலிருப்பதுதான் உண்மையில் ஆபத்து. அது வேலை செய்ய நம் உடல் வழியாகத் தரையோடு ஒரு தொடர்பு வேண்டும். உலர்ந்த மர ஏணியில் நிற்கும்போது அது குறைந்துவிடுகிறது. பேட்டரி இறங்கியிருந்தாலும், ஒயர் இரும்புப் பைப்புக்குள் போனாலும், மின்சாரம் டி.சி.யாக இருந்தாலும் அது மௌனமாகவே இருக்கும்.

(காட்சி: ஹோல்டரில் 15 வாட் குண்டு பல்ப், ஃபியூஸ் உள்ள இரண்டு இன்சுலேட்டட் கிளிப்புகள்.)

எனவே, ஒயரில் சுமையை ஏற்றிப் பார்க்க வேண்டும். எரியும்போது இந்த பல்பின் மின்தடை சுமார் 3,500 ஓம். தூண்டப்பட்ட மின்னழுத்தம் அதைத் தாங்காமல் சரிந்துவிடும். எல்.இ.டி. பல்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் அது தூண்டலிலேயே மங்கலாக ஒளிரக்கூடும்.

முதலில், மின்சாரம் நிச்சயமாக இருக்கும் ஒரு பிளக் பாயிண்டில் பல்பை எரித்துப் பாருங்கள். பிறகு சிவப்பு ஒயருக்கும் ஃபேன் நியூட்ரலுக்கும் இடையே இணையுங்கள். பல்ப் எரியவில்லை, அதற்கு இணையாக வைத்த மீட்டரின் 92 வோல்ட், ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால் ஒயர் உயிரோடு இருந்தாலும் பல்ப் எரியாது என்பதால், எர்த்துக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். அந்த நேரத்தில், எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தாலோ, பல்ப் மங்கலாகவாவது எரிந்தாலோ, ஒயரில் மின்சாரம் இருக்கிறது, கை வைக்காதீர்கள்.

கடைசியாக, அதே பிளக் பாயிண்டில் பல்பை மீண்டும் எரித்துப் பாருங்கள். இப்போது எரியாவிட்டால் சோதனையின் நடுவே பல்போ ஃபியூஸோ போயிருக்கலாம். மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். எரிந்தால், எம்.சி.பி.க்குப் பூட்டுப் போட்டு, இன்வெர்ட்டரையும் நிறுத்திய பிறகே ஒயரைத் தொடுங்கள்.