தலைகீழ் முக்கோணம்

வணக்கம். பெங்களூரு பொம்மசந்திரா பக்கம் ஒரு கம்பெனியில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு உதிரிபாகம் செய்து தருகிறவர்களில் பலர் ஓசூரில் பட்டறை வைத்திருக்கும் தமிழர்கள். காலாண்டுக் கூட்டத்து ஸ்லைடுகளை இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக்கி அவர்களுக்கு அனுப்புவது என் வேலை.

ஒரு தடவை, 'ஆறு அயிட்டங்களுக்கு ஜி.ஆர். பாக்கி' என்று ஸ்லைடில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டேன். மறுநாள் காலையிலேயே போன். "சரக்கு இறக்கி இருபது நாளாச்சு, இன்னும் ஜி.ஆர். போடலையா சார்? பில் எப்ப பாஸாகும்?"

அவர் கேட்டது நியாயம்தான். பட்டறைக்காரர்களுக்கு ஜி.ஆர். என்றால் கூட்ஸ் ரிசீட், சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு. எங்கள் டிசைன் பிரிவில் அது கேட் ரிவ்யூ. புது அயிட்டத்தை அடுத்த கட்டத்துக்கு விடலாமா என்று முடிவெடுக்கும் கூட்டம். புரியாத எழுத்தென்றால் படிப்பவர் கேட்டுவிடுவார். ஏற்கெனவே தெரிந்த எழுத்து என்றால் எதற்குக் கேட்கப் போகிறார்? இப்போது 'அடுத்த கட்ட அனுமதிக் கூட்டம் நடக்கவில்லை' என்றே எழுதுகிறேன். அந்த எழுத்துகளை அவர்கள் எங்கள் படிவத்திலும் பார்க்க வேண்டியிருந்தால் மட்டும் கூடவே வைப்பேன்.

குறியீடு இன்னும் மோசம். போன காலாண்டில் நான்கு பார்ட் நம்பர்களுக்குப் பக்கத்தில் தலைகீழ் முக்கோணம். பழைய வரைபடங்களில் அது மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் குறி. முக்கோணம் கூடக் கூட ஃபினிஷ் நயமாகும். பட்டறையில் வளர்ந்தவர் கண்ணுக்கு அதுதான் படும். ஸ்லைடில் விளக்கம் இல்லை. கீழே நோட்ஸ் பகுதியிலும் இல்லை.

ஆர்டர் குறைகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததை எழுதாமல் அட்டவணையோடு ஒத்துப் பார்த்தேன். மூன்றில் எண்ணிக்கை குறைந்திருந்தது. நான்காவதில் 180 என்பது 220 ஆகியிருந்தது. என் ஊகம் அங்கேயே உடைந்தது. மூன்றோடு நிறுத்தியிருந்தால் மாட்டியிருப்பேன்!

ஸ்லைடு போட்டவரையே கேட்டேன். "அதுவா? அதுக்கெல்லாம் இரண்டாவதா ஒரு சப்ளையர் தேடறோம்" என்றார் சாதாரணமாக. சரி, அர்த்தம் கிடைத்துவிட்டது. ஆனால் அதை வெளியே சொல்வது என் கையில் இல்லையே. கொள்முதல் மேலாளரிடம் கொண்டுபோனேன். சம்பந்தப்பட்டவர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

சுருக்கத்தில் முக்கோணம் போகவில்லை. நான்கு அயிட்டங்களின் ஆர்டர் எண்ணிக்கை மட்டும் போனது. கூடவே அனுப்பும் ஸ்லைடு பிரதியிலிருந்தும் அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டியிருந்தது. அதை முதலில் மறந்தே போயிருந்தேன்.