சிகரத்தில் தொடங்கிய கோயில்

நேயர்களுக்கு வணக்கம். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என எல்லையின் இருபுறமும் இருந்து கேட்கும் உங்களில் பலர், சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலை முருகனை வணங்கி வந்திருப்பீர்கள். அதே மலையிலுள்ள வெட்டுவான் கோயிலைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

இது 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. பாறையைச் சுற்றி ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்கு வெட்டி இறங்கி, நடுவில் விட்ட பாறையையே விமானமாகச் செதுக்கினார்கள். சிகரமும் அதன் கீழுள்ள உருவங்களும் நகைவேலைபோல நிறைவுற்றிருக்க, அடிப்பகுதி கரட்டுப் பாறையாகவே நிற்கிறது. மகனின் திறமை கண்டு பொறாமை கொண்ட சிற்பி, அவனைக் கொன்றதால் வேலை நின்றதாக ஊரில் ஒரு கதை உண்டு. எனக்கு அந்தக் கதையில் நாட்டமில்லை. வேலை எந்த இடத்தில் நின்றது என்பதிலேதான் நாட்டம்.

மேலிருந்து இறங்கினால் சாரம் கட்ட வேண்டியதில்லை, வெட்டாத பாறையே நிற்க இடம் தரும். தெறித்து விழும் சில்லும் முடிந்த சிற்பத்தின் மேல் விழாது. ஆனால் கல்லை அடுக்கிக் கட்டும் கோயிலில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே வைக்க முடியாது. ஆகவே தவறு நேர்ந்தால் அது கல் மிகுதியாக நிற்கும் பக்கத்திலேயே நேர வேண்டும். கோட்டுக்கு வெளியே கொஞ்சம் கல்லை விட்டுவைத்தால் பிறகு சீவிக்கொள்ளலாம், குறைத்ததைக் கூட்ட இயலாது.

விமானத்தின் மேல்தளத்தில் நான்கு மூலைகளிலும் நந்திகள் இருக்கின்றன. செதுக்கும்போது ஒரு நந்தியின் கொம்பு உடைந்திருந்தால் என்ன செய்வது? மிகுதிக் கல் இருக்கும்வரை, அந்த நந்தியையே சற்று உள்வாங்கிச் சிறிதாக்கலாம். ஆனால் ஒன்று சிறுத்தால் மற்ற மூன்றும் சிறுக்க வேண்டும், இல்லையேல் கீழிருந்து பார்ப்பவர் கண்ணில் அது உடனே படும். எனவே மூன்றைக் கரட்டு உருவிலேயே நிறுத்திவைத்து ஒன்றை முடிப்பதைவிட, நான்கையும் ஒரே நிலையில் கொண்டுசெல்வதே அறிவுடைமை. ஒரே நிலையில் என்பதை மீண்டும் சொல்கிறேன், ஏனெனில் நான்கு முகத்துக்கும் பொதுவான அளவு அப்போதுதான் கையில் இருக்கும்.

இன்னொரு நுட்பம்: கீழே அகலம் மிகுதி, மேலே குறைவு. சிகரத்தின் நடுக்கோடு சற்றே விலகினாலும், கீழே மீதமிருக்கும் பெரும்பாறையில் அடித்தளத்தை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ள இடம் உண்டு. உச்சியில் செய்த பிழையைக் கீழே ஈடுசெய்யலாம். கீழே வந்தபின் நேரும் பிழைக்கு இடமில்லை. தென்புறத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைப் பார்த்துவிட்டு, அப்படியே பார்வையைக் கீழே இறக்குங்கள். முடிந்ததும் முடியாததும் எங்கே பிரிகின்றன என்பது தெரியும்.

விழிஞ்ஞம் குடைவரையின் வெளிச்சுவரில் பாதி செதுக்கிய சிவன், பார்வதி உருவங்களைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். அங்கே முகப்பிலிருந்து உட்புறமாகக் குடைந்தார்கள், ஆகவே கணக்கே வேறு. நேரம் முடிந்துவிட்டதென்று அறிவிப்பாளர் சைகை காட்டுகிறார். வணக்கம்.