பக்கத்துக் கிடங்கிலிருந்தே அனுப்பினால் செலவு ஏன் கூடுகிறது?

[திரையில்: மூன்று கிடங்குகள் – தெற்கு, மேற்கு, வடக்கு. தெற்குக் கிடங்கின் அருகே ஒரு வாடிக்கையாளர்.]

ஒரு வாடிக்கையாளர் ஒரு கூடாரமும் ஒரு கூடார விளக்கும் ஆர்டர் செய்கிறார். நம்மிடம் மூன்று கிடங்குகள் இருக்கின்றன. அவருக்கு மிக அருகில் இருப்பது தெற்குக் கிடங்கு. அங்கே கூடாரம் உண்டு, விளக்கு இல்லை. கொஞ்சம் தள்ளியிருக்கும் மேற்குக் கிடங்கில் விளக்கு மட்டும் உண்டு. வெகு தொலைவில் இருக்கும் வடக்குக் கிடங்கில் இரண்டும் உண்டு.

எங்கிருந்து அனுப்புவீர்கள்?

பெரும்பாலானோர் முதலில் எழுதி வைக்கும் விதி இதுதான்: ஒவ்வொரு பொருளையும், அது இருக்கும் கிடங்குகளில் மிக அருகில் உள்ளதிலிருந்து அனுப்பு. அதன்படி கூடாரம் தெற்கிலிருந்தும் விளக்கு மேற்கிலிருந்தும் கிளம்பும். ஒரே ஆர்டருக்கு இரண்டு பார்சல்.

[திரையில்: ஒரு பார்சலின் செலவு இரண்டு துண்டுகளாகப் பிரிகிறது.]

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு பார்சலுக்கு ஆகும் செலவில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, தூரம் எவ்வளவானாலும் மாறாதது: ரேக்கிலிருந்து எடுக்கும் ஆள்கூலி, அட்டைப்பெட்டி, லேபிள், கூரியரின் அடிப்படைக் கட்டணம். இதை 40 அலகு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, தூரத்தைப் பொறுத்தது: தெற்கிலிருந்து 10, மேற்கிலிருந்து 25, வடக்கிலிருந்து 60.

இரண்டு பார்சலாக அனுப்பினால் தெற்குக்கு 50, மேற்குக்கு 65, ஆக மொத்தம் 115. வடக்கிலிருந்து ஒரே பார்சலாக அனுப்பினால் 40-உம் 60-உம் சேர்த்து 100. அவ்வளவு தூரம் போயும் வடக்குதான் மலிவு. காரணம், பிரித்து அனுப்பும்போது அந்த மாறாத 40-ஐ இரண்டு முறை கட்டுகிறோம்.

ஆனால் எப்போதும் ஒரே பார்சல்தான் நல்லது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மாறாத செலவு 40 அல்ல, 15 தான் என்றால்? பிரித்தால் 65, வடக்கிலிருந்து 75. முடிவு தலைகீழாகிவிடுகிறது. இந்த உதாரணத்தில் இரண்டும் சமமாகும் இடம் 25. ஆகவே விதி எழுதுவதற்கு முன்னால், உங்கள் கூரியர் ரசீதுகளையும் பேக்கிங் செலவையும் வைத்து இந்த மாறாத பகுதி எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். அது தெரியாமல் மற்ற எதையும் சரியாகத் தீர்மானிக்க முடியாது.

[திரையில்: 10 பொருள்கள், 5 கிடங்குகள்.]

பொருள்கள் கூடினால் கணக்கு பெரிதாகும். 10 பொருள்கள், 5 கிடங்குகள், எல்லாப் பொருளும் எல்லா இடத்திலும் இருக்கிறது என்றால் 97,65,625 வழிகளில் அனுப்பலாம். அத்தனையையும் பார்க்க வேண்டியதில்லை. முதலில், ஆர்டர் முழுவதையும் ஒரே கிடங்கு தர முடியுமா என்று பாருங்கள். அப்புறம் இரண்டிரண்டு கிடங்குகளாகச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து கிடங்குகளுக்குப் பத்து ஜோடிகள்தான். பெரும்பாலான ஆர்டர்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

[திரையில்: முந்தைய நாள். தெற்குக் கிடங்கில் ஒரே ஒரு விளக்கு.]

சரி, தெற்குக் கிடங்கில் விளக்கு ஏன் இல்லை? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் பின்னால் போக வேண்டும்.

நேற்று அங்கே கடைசியாக ஒரு விளக்கு இருந்தது. மேற்கில் இருபது இருந்தன. அதே பகுதியிலிருந்து இன்னொருவர் விளக்கு மட்டும் ஆர்டர் செய்தார். தெற்கிலிருந்து அனுப்ப 50, மேற்கிலிருந்து 65. கணினி தெற்கைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆர்டரை மட்டும் பார்த்தால் 15 அலகு மிச்சம்.

அந்தக் கடைசி விளக்கு தெற்கிலேயே இருந்திருந்தால், இன்றைய ஆர்டர் 50-இல் முடிந்திருக்கும். இப்போது 100 ஆகிறது. நேற்று மிச்சம் பிடித்த 15, இன்று 50-ஐ விழுங்கிவிட்டது.

நாளை யார் என்ன வாங்குவார் என்று நேற்றே எப்படித் தெரியும்? உறுதியாகத் தெரியாது. ஆனால் பழைய ஆர்டர்களைப் பார்த்து வாய்ப்பைச் சொல்லலாம். அடுத்த சரக்கு வருவதற்குள் கூடாரமும் விளக்கும் சேர்ந்த ஆர்டர் வர 60 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். 50-இல் 60 சதவீதம் 30. இந்த 30-ஐத் தெற்கின் கடைசி விளக்குக்குக் கூடுதல் விலையாகச் சேர்த்துவிடுங்கள். இப்போது தெற்கு 80, மேற்கு 65. விளக்கு மட்டும் கேட்டவருக்கு மேற்கிலிருந்தே போகும். வாய்ப்பு 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், கூடுதல் விலை 15-க்குக் குறைவு. அப்போது தெற்கிலிருந்து அனுப்புவதே சரி.

இருபது விளக்கு வைத்திருக்கும் மேற்குக்கு இந்தக் கூடுதல் விலை வேண்டாம். அடுத்த லோடு வரும்வரை சரக்கு தாக்குப்பிடிக்காத இடத்தில் மட்டும் போட்டால் போதும். அளவுக்கு மீறிப் போட்டால், பக்கத்தில் இருக்கும் சரக்கு தூங்கும், எல்லாப் பார்சலும் தூரத்திலிருந்து வரும். சராசரி அனுப்பு தூரம் திடீரென்று ஏறினால் அதுதான் அறிகுறி.

[திரையில்: ஆர்டர் வரும் நேரம், எடுக்கத் தொடங்கும் நேரம், வண்டி கிளம்பும் நேரம்.]

இன்னொரு வழியும் உண்டு. டெலிவரி தேதியை வாடிக்கையாளரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்தக் கிடங்கு என்பதை உடனே பூட்டிவிட வேண்டியதில்லை. ஆர்டர் வந்ததற்கும் கிடங்கில் ஆள் பொருளை எடுக்கத் தொடங்குவதற்கும் இடையே பெரும்பாலும் சில மணி நேரம் இருக்கிறது. நேற்று விளக்கு கேட்டவரின் பார்சலை இன்னும் எடுக்கத் தொடங்கவில்லை என்றால், அதை மேற்குக்கு மாற்றி, தெற்கின் விளக்கை இன்றைய ஆர்டருக்குத் தரலாம். இரண்டும் சேர்ந்து 150 ஆக வேண்டியது 115-இல் முடியும். ஷூ, ஆல்கோர், கிரேவ்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்த மறுபரிசீலனையைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: மேற்கின் வண்டி கிளம்புவதற்குள் மாற்றம் அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் சொன்ன தேதி தவறிவிடும்.

[திரையில்: பிரிந்துபோன ஆர்டர்களின் பட்டியல்.]

உங்கள் விதி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கடந்த மாதம் இரண்டு பார்சலாகப் போன ஆர்டர்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: ஆர்டர் வந்த நேரத்தில் எல்லாப் பொருளும் வைத்திருந்த கிடங்கு ஏதாவது இருந்ததா?

இருந்தது, அதிலிருந்து அனுப்புவதே மலிவாகவும் இருந்திருக்கும் என்றால், விதியைத் திருத்துங்கள். கணினியில் இருந்தது, ரேக்கில் தேடியபோது இல்லை என்றால், அது ஸ்டாக் எண்ணிக்கைப் பிழை. அந்தக் கிடங்கில் அந்தப் பொருளைக் கையால் எண்ணச் சொல்லுங்கள், எண்ணி முடியும்வரை கடைசி ஒன்றிரண்டை விற்பனைக்குக் காட்ட வேண்டாம். எங்கேயும் எல்லாமும் ஒன்றாக இல்லை என்றால் விதியை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. கூடாரம் வைக்கும் கிடங்குகளில் விளக்கையும் சேர்த்து இறக்கச் சொல்லி, கொள்முதல் பிரிவுக்கு அந்தப் பட்டியலை அனுப்புங்கள்.