பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவே ஒரு முழம்

வணக்கம். காரில் ஆம்ப்ளிஃபயர் மாட்டுவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர், சப்-ஊஃபர் பற்றியெல்லாம் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் பேசப்போவது ஒரே ஒரு கேபிளைப் பற்றி. பேட்டரியின் பிளஸ் முனையில் கிளம்பி, எஞ்சின் பக்கத்தையும் உள்பக்கத்தையும் பிரிக்கிற இரும்புத் தகட்டைத் தாண்டி, டிக்கியில் இருக்கும் ஆம்ப் வரைக்கும் போகிற அந்தத் தடித்த சிவப்புக் கேபிள். அந்தத் தகட்டை நாங்கள் ஃபயர்வால் என்போம். எஞ்சின் பக்கம் தீப்பிடித்தால் உள்ளே வராமல் தடுப்பது அதன் வேலை. அதே தகடு தீயை மூட்டியும் விட்டதை ஒரு காரில் பார்த்தேன்.

அந்தக் காரை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் கருகியிருந்தது. பானட்டைத் திறந்தால், பேட்டரியிலிருந்து ஃபயர்வால் வரை கேபிளின் மேலுறை உருகி வழிந்து, செம்பு வெறுமனே தெரிந்தது. "பியூஸ் போட்டிருக்கிறேன் சார், நானே என் கையால் போட்டேன்" என்றார் கார்க்காரர். டிக்கியைத் திறந்து காட்டினார். அவர் சொன்னது உண்மைதான். ஆம்ப்புக்கு ஒரு சாண் முன்னால், கண்ணாடி மூடி போட்ட ஹோல்டரில், 60 ஆம்பியர் பியூஸ் புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. பியூஸுக்கு ஒரு கீறல் இல்லை. கார்தான் எரிந்திருந்தது.

நடந்தது இதுதான். ஃபயர்வாலில் டிரில் போட்டு ஓட்டை எடுத்து, குரோமெட் என்கிற ரப்பர் வளையம் எதுவும் வைக்காமல் கேபிளை நேராக விட்டிருக்கிறார்கள். டிரில் போட்ட தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கார் ஓடும்போதெல்லாம் கேபிள் அதில் உரசிக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் உறை அறுந்து, செம்பு தகட்டைத் தொட்டது. காரின் உடம்பு முழுக்க பேட்டரியின் மைனஸ்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் ஃபயர்வால் வரை போய், அங்கேயே உடம்புக்குள் இறங்கி, பேட்டரிக்குத் திரும்பிவிட்டது. டிக்கியில் இருந்த பியூஸ் வழியாக அது போகவே இல்லை. போகாத மின்சாரத்தைப் பார்த்து பியூஸ் எப்படிப் போகும்?

12 வோல்ட் தானே, தொட்டால் ஷாக்கே அடிக்காதே என்று நினைக்கலாம். ஷாக் அடிக்காதுதான். ஆனால் எஞ்சினைச் சுற்றிவிடுகிற பேட்டரி அது. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அந்த வேகத்தில் கேபிள் ஹீட்டர் கம்பியாக மாறச் சில நொடிகள் போதும்.

அதனால்தான் மெயின் பியூஸ் கேபிளுக்காக, ஆம்ப்புக்காக அல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆம்ப்பைக் காக்க அதன் உடம்பிலேயே பியூஸ் இருக்கிறது. கேபிளைக் காக்கிற பியூஸ், மின்சாரம் கிளம்புகிற இடத்தில் இருக்க வேண்டும். பேட்டரி முனையிலிருந்து கேபிள் நீளத்தில் 45 சென்டிமீட்டருக்குள், அதாவது ஒரு முழத்துக்குள், என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. இன்னும் கிட்டே வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் அந்த ஒரு முழத்துக்குக் காவல் எதுவும் கிடையாது. அதை மட்டும் தனியாகப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, எந்த இரும்பிலும் படாமல் கட்டிவைக்க வேண்டும். எஞ்சினோடு சேர்த்துக் கட்டவே கூடாது. எஞ்சின் அதன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடிக்கொண்டிருக்கும், கேபிளையும் இழுக்கும்.

எத்தனை ஆம்பியர் பியூஸ்? அந்தக் காரையே எடுத்துக்கொள்வோம். ஆம்ப் தொடர்ந்து 500 வாட் தரக்கூடியது, டி கிளாஸ். உள்ளே போவதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடாகும். அப்படியானால் அது இழுப்பது 625 வாட். எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட் என்று வைத்து வகுத்தால் 45 ஆம்பியர் வரும். ஆம்ப்பின் மேல் இரண்டு 30 ஆம்பியர் பியூஸ் இருந்தது, கூட்டினால் 60. ஆகவே மெயின் பியூஸும் 60. அடுத்து, அந்த 60-ஐக் கேபிள் தாங்குமா என்று பார்க்க வேண்டும். 4 கேஜ் சுத்தச் செம்புக் கேபிள் தாராளமாகத் தாங்கும். ஐந்து மீட்டர் ஓடினாலும் 45 ஆம்பியரில் 0.2 வோல்ட் அளவுதான் இழக்கும். அதே இடத்தில் அதைவிட மெல்லிய 8 கேஜ் போட்டால் இழப்பு அரை வோல்ட்டைத் தொடும், 60 ஆம்பியர் பியூஸுக்கும் அது மெலிவு.

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு பூசிய கேபிளும் அதே சிவப்பு உறையில், அதே கேஜ் என்ற பெயரில் வரும். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான். அது தவறான பொருள் என்று சொல்லமாட்டேன், ஆனால் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். ஒரு படி தடித்ததாக வாங்க வேண்டும்.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று 60-ஐ எடுத்துவிட்டு 150 போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது கேபிள்தான் பியூஸாகிறது.

இப்போது ஃபயர்வாலுக்கு வருவோம். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். பிளஸை முதலில் கழற்றப்போய், ஸ்பேனரின் மறுமுனை உடம்பில் பட்டால் பொறி பறக்கும். பிறகு டிரில்லைத் தூர வைத்துவிட்டு, டார்ச்சோடு பெடலுக்கு மேலே குனிந்து பாருங்கள். கம்பெனி வயரிங் உள்ளே வருகிற இடத்தில் பெரிய ரப்பர் குரோமெட் இருக்கும். பலவற்றில் காலியான காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நுனியை வெட்டினால் வழி தயார். பானட் திறக்கிற கேபிள் வரும் துளையும் சில கார்களில் உதவும். பத்துக் காரில் எட்டுக் காருக்கு நான் டிரில்லே எடுத்ததில்லை.

காம்பு இல்லாவிட்டால், வயர் கட்டைத் தவிர்த்து ரப்பரின் ஓரமாகத் துளை போட வேண்டும். குத்தூசி எந்தப் பக்கம் வெளிவரும் என்று பார்த்த பிறகுதான் குத்த வேண்டும். விறைப்பான கம்பியை முதலில் விட்டு, அதன் நுனியில் கேபிளை டேப்பால் கூம்பு மாதிரி சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். துளை கேபிளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தளர்வாக இருந்தால் சிலிக்கான் பூசி அடைக்கலாம். எஞ்சின் பக்கம் கேபிள் குரோமெட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகக் கீழே இறங்கி ஏறட்டும். மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தால், அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இல்லையென்றால் கார்ப்பெட்டுக்குக் கீழே போய்த் தேங்கும். நாற்றம் வந்த பிறகுதான் தெரியும்.

டிரில் போட்டே ஆக வேண்டுமென்றால், தகட்டின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்த இடத்தில் மட்டும். பின்னால் பிரேக் குழாய் இருக்கலாம், ஏசி குழாய் இருக்கலாம், ஏர்பேக்கின் மஞ்சள் வயர் இருக்கலாம். ஹைப்ரிட் கார் என்றால் ஆரஞ்சு நிறக் கேபிளின் பக்கமே போகாதீர்கள், அது ஆளையே கொல்லும் வோல்டேஜ். ஓட்டை போட்டதும் விளிம்பை அரத்தால் மழுக்கி, துருப்பிடிக்காமல் பெயின்ட் தொட்டுவைத்து, சரியான அளவுக் குரோமெட்டை உட்கார வைத்த பிறகே கேபிள்.

பியூஸ் சரியான இடத்தில் இருக்கிறதே, குரோமெட் எதற்கு என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 60 ஆம்பியர் பியூஸ் 61-ல் போய்விடாது. கொஞ்சம் மிஞ்சினால் நிமிடக்கணக்கில் தாங்கிக்கொண்டு இருக்கும். பல மடங்கு மிஞ்சினால்தான் நொடியில் போகும். உறை பாதி அறுந்த கேபிள் முழு ஷார்ட் ஆகாமல், தகட்டைத் தொட்டும் தொடாமலும் பொறிவிட்டுக்கொண்டே இருந்தால், பியூஸ் அதைக் கண்டுகொள்ளாமலே போகலாம். அதனால் இரண்டும் வேண்டும்.

கேபிளை உள்ளே இழுத்தாயிற்று. பெடலும் ஸ்டியரிங் தண்டும் அசையும் பாதையில் படாமல் ஓரமாகக் கட்டி, கதவோரப் பட்டைக்கு அடியில் டிக்கிக்குக் கொண்டுபோங்கள். ஆடியோ சிக்னல் வயரை மறுபக்கமாக விடுவது பழக்கம். ஆம்ப்பின் மைனஸுக்கு அதே தடிமன் கேபிள், நீளம் குறைவாக, பெயின்ட் சுரண்டிய உடம்பில்.

இப்போது பியூஸ் போடாமல் ஒரு சோதனை. கேபிளின் இரண்டு முனையும் எதிலும் சேராமல் இருக்கட்டும். மல்டிமீட்டரை ஓம்மில் வைத்து, ஒரு முனையைக் கேபிளின் செம்பிலும் மறுமுனையைக் காரின் உடம்பிலும் வையுங்கள். எண் எதுவும் வரக்கூடாது. திரையில் OL என்று நிற்க வேண்டும். அப்படியே குரோமெட் பக்கத்தில் கேபிளை முன்னும் பின்னும் இழுத்து, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஒரு கணம் எண் தட்டிவிட்டுப் போனாலும் உறை எங்கோ அடிபட்டிருக்கிறது. கேபிளை வெளியே எடுத்துவிடுங்கள், டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் இரண்டு முனையையும் சேர்த்து, பேட்டரி மைனஸையும் போட்டு, கடைசியாகப் பியூஸை வையுங்கள். வைக்கும்போது சின்னப் பொறி தட்டும். ஆம்ப்பினுள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்புவது அது, பயப்பட வேண்டாம்.

பாஸ் அதிகமுள்ள பாட்டைச் சத்தமாக இருபது நிமிடம் ஓடவிட்டு, ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் ஸ்க்ரூ பிடிக்கவில்லை, அல்லது இழைகளில் பாதி வெளியே நிற்கிறது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ஹோல்டரின் இரு பக்கமும் தொட்டால் எண்ணே சொல்லும். பாஸ் அடிக்கும்போது சில பத்து மில்லிவோல்ட் சரி. அரை வோல்ட் வந்தால், 45 ஆம்பியரில் அது 22 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடியதற்குச் சமம். பியூஸ் போகாமலே ஹோல்டர் உருகுவது இப்படித்தான்.

எரிந்த காரின் சொந்தக்காரருக்கு கேபிளை முழுக்க மாற்றினேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பியூஸ், கம்பெனி குரோமெட்டின் காலிக் காம்பு வழியாகக் கேபிள். டிரில் போட்ட பழைய ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தேன். ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தேன். செம்பு இழைகள் ஸ்க்ரூவின் கீழே மெல்ல அமுங்கிவிடும், அதனால். வந்தார். இரண்டு ஸ்க்ரூவும் கால் சுற்று இறங்கின.