முகத்தின் இருட்டுப் பக்கம்

வணக்கம். மும்முனை ஒளியமைப்பு பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் விளக்கு எதையும் கொண்டு வரவில்லை. கையில் இருப்பவை ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, ஒரு கறுப்புத் துணி, ஒரு லைட் மீட்டர், இவ்வளவுதான். மற்றதை இந்த அரங்கின் ஜன்னல் பார்த்துக்கொள்ளும்.

பாடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முகத்துக்கு உருவம் கொடுக்கும் முதன்மை ஒளி கீ லைட். அது உண்டாக்கும் நிழலைத் தணிப்பது ஃபில் லைட். பின்னாலிருந்து தலையிலும் தோளிலும் விழுந்து ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவது பேக் லைட். பலர் கீ லைட்டை எங்கே வைப்பது என்றே மணிக்கணக்கில் யோசிக்கிறார்கள். என் அனுபவத்தில் காட்சியின் மனநிலை அந்த வெளிச்சப் பக்கத்தில் அவ்வளவாகத் தீர்மானமாவதில்லை. வெளிச்சம் விழாத கன்னத்தில்தான் தீர்மானமாகிறது.

தம்பி, இந்த நாற்காலியில் உட்காருங்கள். ஜன்னல் உங்களுக்கு இடது பக்கம், ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கட்டும். நேராகக் கேமராவைப் பாருங்கள். சரி. ஜன்னல் பக்கக் கன்னத்தில் மீட்டரை வைத்தால், லென்ஸ் துவாரத்தை எந்த அளவில் வைக்க வேண்டும் என்று சொல்லும் எண் 5.6 காட்டுகிறது. மறு கன்னத்தில், ஜன்னல் வெளிச்சம் மீட்டரில் நேரடியாகப் படாதபடி கையால் மறைத்து அளந்தால் 2.8. 2, 2.8, 4, 5.6 என்ற வரிசையில் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப், ஆகவே இடையில் இரண்டு ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, ஆகவே இந்தப் பக்கம் மறு பக்கத்தைவிட நான்கு மடங்கு பிரகாசம். கேமராவை 5.6-இல் வைத்துவிடுகிறேன். இனி அதைத் தொட மாட்டேன்.

இப்போது தெர்மாகோலை அவருடைய வலது கன்னத்துக்குப் பக்கத்தில், ஃபிரேமுக்கு வெளியே பிடிக்கிறேன். நிழல் பக்கம் 4 ஆகிவிட்டது. வித்தியாசம் ஒரே ஒரு ஸ்டாப். திரையைப் பாருங்கள், முகம் திறந்து கொடுக்கிறது. எதையும் மறைக்காத ஆள் போலத் தெரிகிறார். அட்டையை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியைப் பிடிக்கிறேன். இப்போது 2. மூன்று ஸ்டாப், எட்டு மடங்கு. வலது கண் கிட்டத்தட்ட நிழலுக்குள் போய்விட்டது. அதே ஆள்தான், அதே ஜன்னல்தான், தம்பி முகத்தை அசைக்கவே இல்லை. ஆனால் இவர் எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது. வெளிச்சப் பக்கக் கன்னம் மூன்று முறையும் ஒரே மாதிரி இருந்ததைக் கவனித்தீர்களா?

கறுப்புத் துணி ஏன் தேவைப்பட்டது என்றால், இந்த அறைக்கு வெள்ளைச் சுவர்கள். ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, நாம் கேட்காமலே ஃபில் லைட்டாக வேலை செய்கிறது. இயற்கை ஒளியில் படம் எடுக்கும்போது ஒளியைக் கூட்டுவதைவிடக் குறைப்பதுதான் பெரும்பாலும் நம் வேலை. வீட்டில் போனில் இதைச் செய்து பார்ப்பவர்கள் முதலில் எக்ஸ்போஷரை லாக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நிழலைக் கூட்டக் கூட்ட, போன் தானாகவே மொத்தப் படத்தையும் வெளுக்க வைக்கும். துணியால் பயனில்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

அப்புறம், நாற்காலி. தம்பி, ஜன்னலை விட்டு அறைக்குள்ளே மூன்று மீட்டர் தள்ளி உட்காருங்கள். முகத்தில் வெளிச்சம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் காட்ட விரும்புவது அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரை. ஜன்னலை ஒட்டி இருந்தபோது முகம் பளிச்சென்றும் சுவர் மிக இருட்டாகவும் இருந்தன. இப்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒளி மூலத்துக்குப் பக்கத்தில் வெளிச்சம் வேகமாகச் சரியும், தூரம் போகப் போக மெல்லத்தான் சரியும். சிறிய பல்பு என்றால் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். அகலமான ஜன்னலுக்குப் பக்கத்தில் அவ்வளவு கடுமையாக இராது, ஆனால் போக்கு அதேதான். ஆகவே தனிமையில் இருப்பவரை ஜன்னலோரம் உட்கார வைத்தால் அறை இருட்டில் அமிழ்ந்துவிடும். அதே அறையில் ஒரு குடும்பத்தையே காட்ட வேண்டுமென்றால் எல்லோரையும் உள்ளே தள்ளி உட்கார வையுங்கள்.

மூன்றாவது முனையான பேக் லைட்டை நான் இங்கே வைக்கப் போவதில்லை. இந்த அறையில் பின்னாலிருந்து ஒளி வரக் காரணமே இல்லை. கறுப்பு முடி இருண்ட சுவரோடு ஒட்டிக்கொள்கிறதே என்றால், நிழல் பக்கக் கன்னத்துக்குப் பின்னால் தெரியும் சுவரில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விழ வழி செய்தால் போதும். அந்தக் கதவை நாலு விரல் திறந்தேன், பாருங்கள். தலையின் ஓரம் தனியாகத் தெரிகிறது. யாரும் விளக்கு போட்டதாகத் தோன்றவில்லை.

இந்த மென்மையான ஒளியை ஸ்டுடியோவுக்குள் விளக்குகளால் உருவாக்க முடியுமா? ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா 1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ' என்ற வங்காளப் படத்தில் செய்து காட்டினார். காசியில் ஒரு பழைய வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டார்கள். அப்படிப்பட்ட முற்றத்தில் ஒளி மேலே தெரியும் வானத்திலிருந்து மட்டும் இறங்கும், தரையில் தெளிவான நிழலே விழாது. விளக்குகளை நேரடியாக அடித்தால் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு மூன்று நிழல் விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். மித்ரா செட்டின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அந்தத் துணியின் மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பியதுதான் முகங்களை வந்தடைந்தது. நிழலின் ஓரம் மென்மையாவது விளக்கின் பலத்தால் அல்ல, முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளி மூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதால். துணி முழுவதும் வானமானதால் செட் வீடாகிவிட்டது.

கடைசியாக, நான் பட்ட ஒரு அடி. இருவர் ஜன்னலோரம் பேசும் காட்சி. வைட் ஷாட்டைக் காலை 10 மணிக்கு எடுத்தோம். க்ளோசப் மதியம் 2 மணிக்கு. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, ஏனென்றால் கண் மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது. எடிட்டிங் மேஜையில் ஒட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. வெயில் ஜன்னல் பக்கத்திலிருந்து விலகிப் போயிருந்தது. அவசரத்துக்கு உள்ளே ஏற்றிய மஞ்சள் சாயலுள்ள 3200 கெல்வின் விளக்கு, பகல் ஒளியின் நிறமான 5600-க்கு வைத்திருந்த கேமராவில் ஒரு கன்னத்தை மட்டும் ஆரஞ்சாக்கியிருந்தது. அந்தப் பெண் பேசிய மிக நல்ல வசனம் அந்த ஷாட்டில்தான் இருந்தது. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அதன் பிறகு வைட் ஷாட் முடிந்ததும் இரண்டு கன்னங்களின் அளவையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். வெயில் கைவிட்டால், பகல் ஒளியின் நிறத்துக்குச் சமமான விளக்கை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, ஜன்னலை நிறைக்கும்படி வெள்ளைத் துணி கட்டி, அதன் வழியாக உள்ளே விடுவேன். உள்ளே அட்டையையோ கறுப்புத் துணியையோ முன்னும் பின்னும் நகர்த்துவேன். ஒரு கன்னத்தில் 5.6, மறு கன்னத்தில் 2.8 என்று காலையில் எழுதிய எண்கள் திரும்ப வந்த பிறகுதான் நடிகரை அழைப்பேன்.